நெட் இல்லாமல் பக்கத்துப் போனுக்குப் பெரிய ஃபைல் அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்களும் தெருவில் இருப்பவர்களும் போனில் ஏதாவது சிக்கல் என்றால் என்னிடம் கேட்பது வழக்கம். அதில் பெரும்பங்கு ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது: கல்யாண வீடியோ, பிள்ளைகளின் நடன நிகழ்ச்சி என்று பெரிய ஃபைல் ஒன்று இந்தப் போனில் இருக்கிறது, பக்கத்துப் போனுக்குப் போக வேண்டும், நெட் இல்லை அல்லது டேட்டா தீர்ந்துவிட்டது. அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தொகுத்து, பதிலோடு இங்கே போட்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டில் இருக்கும் குயிக் ஷேரைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். ஐபோனின் ஏர்டிராப் தேவைப்படும் இடங்களில் வரும்.

1. நெட்டே இல்லாம ரெண்டு ஜிபி வீடியோ எப்படிங்க போகும்?

இரண்டு போன்களுக்கும் நடுவே எதுவும் தேவையில்லை என்பதால்தான் போகிறது. வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வீட்டில் ரவுட்டர் வழியாக நெட் வருவதால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். வைஃபை என்பது இரண்டு கருவிகள் காற்றில் பேசிக்கொள்ளும் ரேடியோ, அவ்வளவுதான். அந்த ரேடியோ ஒவ்வொரு போனிலும் இருக்கிறது. ரவுட்டர் இல்லாமலே ஒரு போன் இன்னொரு போனோடு நேரடியாகப் பேச முடியும்.

நடப்பது இதுதான். முதலில் ப்ளூடூத் மூலம் போன்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்து அறிமுகமாகின்றன. பெறுபவர் சம்மதித்ததும் இரண்டும் தங்களுக்குள் மட்டும் ஒரு தற்காலிக வைஃபை இணைப்பை அமைத்துக்கொள்கின்றன. ஃபைல் அந்த வைஃபையில் போகிறது. போய் முடிந்ததும் இணைப்பு கலைந்துவிடும். தேடுவது ப்ளூடூத், சுமப்பது வைஃபை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் சிக்கல்களில் பலவற்றுக்கு எந்தப் பக்கம் கோளாறு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

2. இதுக்கு என்ன ஆப் போடணும்? முன்னாடி ஷேர்இட் வச்சிருந்தேன், இப்ப கிடைக்கலையே.

எதுவும் போட வேண்டாம். இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடை செய்த 59 ஆப்களில் ஷேர்இட், ஸெண்டர் இரண்டுமே இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் 'நியர்பை ஷேர்' என்ற வசதியை ஆண்ட்ராய்டிலேயே சேர்த்தது. ஆண்ட்ராய்டு 6 முதல் எல்லாவற்றிலும் வந்தது. சாம்சங்கிடம் 'குயிக் ஷேர்' என்று தனியாக ஒன்று இருந்தது. 2024 ஜனவரியில் இரண்டையும் சேர்த்து குயிக் ஷேர் என்று ஒரே பெயராக்கினார்கள். ஐபோனில் ஏர்டிராப் 2013-லிருந்தே இருக்கிறது.

ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்றவர்கள் தங்களுக்கென்று தனியாகவும் ஒரு பகிர்வு வசதி வைத்திருக்கிறார்கள். இரண்டு போன்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்றால் அதுவும் நன்றாகவே வேலை செய்யும். வேறு வேறு கம்பெனி போன்கள் என்றால் குயிக் ஷேர்தான் பொது வழி. ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் அதையும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

3. சரி, படிப்படியா சொல்லுங்க. சாம்சங்ல இருந்து ரெட்மிக்கு ஆறு ஜிபி கல்யாண வீடியோ அனுப்பணும்.

முதலில் ரெட்மியை, அதாவது வாங்கப்போகும் போனைத் தயார் செய்யுங்கள். ஆறு ஜிபி ஃபைலுக்குக் குறைந்தது எட்டு ஜிபியாவது காலி இடம் இருக்கட்டும். ப்ளூடூத், வைஃபை, லொகேஷன் மூன்றையும் ஆன் செய்யுங்கள். மேலிருந்து இழுத்தால் வரும் பலகையில் Quick Share பொத்தானை அழுத்திப் பிடித்தால் அதன் அமைப்புகள் திறக்கும். அங்கே யார் அனுப்பலாம் என்ற இடத்தில் Everyone என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு திரையை அணைக்காமல், லாக் ஆகாமல் வைத்திருங்கள்.

இப்போது சாம்சங். அதிலும் ப்ளூடூத், வைஃபை ஆன். கேலரியில் வீடியோவைத் தொட்டு, பகிரும் குறியைத் தட்டி, Quick Share என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நொடிகளில் ரெட்மியின் பெயர் வரும். அதைத் தொட்டதும் ரெட்மியில் Accept கேட்கும். இரண்டு திரையிலும் ஒரு எண் காட்டினால் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு Accept கொடுங்கள். இரண்டு போன்களையும் ஒரே மேசையில், ஓரிரு அடிக்குள் வைத்துவிட்டு, முடியும்வரை கையில் எடுக்காமல் விடுங்கள்.

ஐபோனிலிருந்து ஐபோனுக்கு என்றாலும் இதே வரிசைதான். வாங்கும் போனில் Settings, General, AirDrop போய் Everyone for 10 Minutes வைக்க வேண்டும். பத்து நிமிடம் என்பது உங்களை மற்றவர்கள் பார்க்க முடியும் நேரம் மட்டுமே. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஃபைல் பத்தாவது நிமிடத்தில் நின்றுவிடாது.

4. ஷேர் பண்ணப்போனா ப்ளூடூத்னும் இருக்கு, குயிக் ஷேர்னும் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பகிரும் பட்டியலில் இருக்கும் Bluetooth என்பதைத் தொட்டால், தேடுவதும் ப்ளூடூத், சுமப்பதும் ப்ளூடூத். வைஃபை இதில் வரவே வராது. நடைமுறையில் ப்ளூடூத்தில் நொடிக்கு 0.2 எம்பி அளவுக்குத்தான் போகும். அந்தக் கணக்கில் ஆறு ஜிபி வீடியோ போய்ச் சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை இரண்டு போனும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஒரு போட்டோ, ஒரு போன் நம்பர், சின்ன பிடிஎஃப் என்றால் ப்ளூடூத் போதும். நூறு எம்பிக்கு மேல் எதுவாக இருந்தாலும் குயிக் ஷேரைத் தொடுங்கள்.

5. அனுப்பும்போது என் டேட்டா போயிடாதே?

நேரடியாகப் பக்கத்துப் போனுக்குப் போகும்போது டேட்டா செலவாகாது. ஆனால் சில அமைப்புகளில் இணைய வழியையும் பயன்படுத்த அனுமதி இருக்கும். ஐபோனில், iOS 17.1-லிருந்து, அனுப்பத் தொடங்கிய பின் ஒருவர் விலகிப் போய்விட்டால் மீதியை இன்டர்நெட் வழியாக முடிக்கும் வசதி வந்தது. ஏர்டிராப் அமைப்பில் Use Cellular Data என்பதை அணைத்துவிட்டால் மொபைல் டேட்டாவைத் தொடாது. சாம்சங்கில் பக்கத்தில் இருக்கும் போனுக்கு அனுப்பாமல் லிங்க் உருவாக்கி அனுப்பவும் வழி உண்டு. அது ஃபைலை முதலில் கிளவுடுக்கு ஏற்றும், டேட்டா போகும். நமக்கு வேண்டியது அதுவல்ல.

முழு நிச்சயம் வேண்டுமென்றால் இரண்டு போன்களையும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அப்புறம் வைஃபையையும் ப்ளூடூத்தையும் மட்டும் கையால் திரும்ப ஆன் செய்யுங்கள். சிம் வழியே எதுவும் போக வழியே இல்லை. நடுவில் கால் வந்து தொந்தரவு செய்யாது என்பது கூடுதல் லாபம்.

6. பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்கோம். ஆனா அவங்க போன் பேரே வரமாட்டேங்குது!

பெயர் வரவில்லை என்றால் கோளாறு தேடும் பக்கத்தில் இருக்கிறது. வைஃபையைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். வாங்கும் போனைக் கையில் எடுத்துப் பாருங்கள். திரை அணைந்திருக்கிறதா, லாக் ஆகியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அப்படியிருந்தால் பெரும்பாலும் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. பேட்டரி சேவரும் தேடலைக் குறைத்துவிடும் என்பதால் அதையும் அணையுங்கள். Everyone என்று எப்போதோ வைத்தது பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். மறுபடி வைக்க வேண்டும்.

Contacts என்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இரண்டு போன்களும் தங்கள் கணக்கு மூலம் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கு, ஐபோனில் ஆப்பிள் கணக்கு. அந்த அடையாள விவரம் ஏற்கெனவே போனில் வந்து சேராமல் இருந்தால், நெட் இல்லாத இடத்தில் அது கிடைக்க வழியில்லை. 'வீட்டுல வேலை செஞ்சுச்சு, ஊருக்குப் போனதும் செய்யல' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. நெட் இல்லாத இடத்தில் Everyone வைப்பதே சரியான வழி.

ஆண்ட்ராய்டு 12 வரையுள்ள போன்களில் லொகேஷன் அணைந்திருந்தால் அக்கம்பக்கத்துக் கருவிகளைத் தேடுவதே நின்றுவிடும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அனுப்புவதற்காக இல்லை. சுற்றியிருக்கும் வைஃபை, ப்ளூடூத் பெயர்களை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தை ஊகிக்க முடியும் என்பதால், அந்தத் தேடலையே லொகேஷன் அனுமதிக்குக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தும் பெயர் வரவில்லை என்றால், இரண்டிலும் ப்ளூடூத்தை ஒருமுறை அணைத்து ஆன் செய்யுங்கள். புதிய குயிக் ஷேரில் கியூஆர் கோடு காட்டி இணைக்கும் வழியும் இருக்கிறது. பெயர் பட்டியலில் கூட்டமாக இருக்கும் கல்யாண மண்டபத்தில் அது நல்ல வசதி.

7. பேரு வருது, அனுப்பவும் ஆரம்பிக்குது. ஆனா ஊர்ந்து ஊர்ந்து போகுது. ஒரு மணி நேரம்னு காட்டுது.

இது சுமக்கும் பக்கத்துக் கோளாறு. வைஃபை பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும், 5 தான் வேகமானது. முதலில் எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நூறு எம்பி அளவுள்ள சின்ன வீடியோ ஒன்றை அனுப்பிப் பாருங்கள். ஐந்து நொடிக்குள் போனால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போகிறது, நொடிக்குச் சுமார் 20, 30 எம்பி. இருபது நொடி அளவில் ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் போகிறது, நொடிக்கு 5 எம்பி. பல நிமிடம் இழுத்தால் வைஃபை இணைப்பே அமையவில்லை, ப்ளூடூத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது. நம் ஆறு ஜிபி வீடியோவுக்கு இதன் அர்த்தம்: முதல் வகையில் மூன்று முதல் ஐந்து நிமிடம், இரண்டாவதில் இருபது நிமிடம், மூன்றாவதில் மேலே சொன்ன எட்டு மணி நேரம்.

2.4-ல் மாட்டிக்கொள்ள முக்கியக் காரணம், இரண்டில் ஒரு போன் வீட்டு ரவுட்டரின் 2.4 இணைப்பில் இருப்பது. பெரும்பாலான போன்களின் வைஃபை ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் நன்றாக வேலை செய்யும். ரவுட்டரோடும் பேச வேண்டும், பக்கத்துப் போனோடும் பேச வேண்டும் என்றால், பல போன்கள் இரண்டையும் ரவுட்டர் இருக்கும் சேனலிலேயே நடத்தும். அதனால் வைஃபை ஆனில் இருக்க வேண்டும், ஆனால் எதனோடும் இணைந்திருக்கக் கூடாது. வைஃபை பட்டியலில் உங்கள் ரவுட்டரின் பெயரைத் தொட்டு Disconnect கொடுங்கள். அந்த வசதி இல்லாத போனில் Forget கொடுக்கலாம், பிறகு பாஸ்வேர்டு மறுபடி போட வேண்டியிருக்கும். ஐபோனில் கண்ட்ரோல் சென்டரில் வைஃபை பொத்தானைத் தட்டினால் ரவுட்டரிலிருந்து மட்டும் விலகும், ரேடியோ அணையாது. ஏர்டிராப்புக்கு அதுவே போதும். இரண்டு போன்களிலும் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட் ஆனில் இருந்தால் அதையும் அணையுங்கள். ஐபோனில் ஹாட்ஸ்பாட் ஆனில் இருந்தால் ஏர்டிராப் வேலையே செய்யாது.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை: காதில் இருக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸ். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது. பாட்டு கேட்டுக்கொண்டே அனுப்பினால் ரேடியோ நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அனுப்பி முடியும்வரை கழற்றி டப்பாவில் போடுங்கள். இவ்வளவும் செய்தும் இருபது நொடிக் கணக்குதான் வருகிறது என்றால், இரண்டில் ஒரு போனில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியே இல்லாமல் இருக்கலாம். சில வருடங்களுக்கு முந்தைய மலிவு விலை போன்கள் பலவற்றில் இல்லை. அதற்கு அமைப்பில் மாற்ற ஒன்றும் கிடையாது. இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டில் மெதுவான போன் எதுவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். உங்களுடையது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்றாலும் சரி.

8. அனுப்புற நேரத்துல வீட்டு வைஃபை கட் ஆகுதே, போன்ல ஏதாவது பிரச்சினையா?

இல்லை. மேலே சொன்ன ஒற்றை ரேடியோ விஷயம்தான். சில போன்கள் ரவுட்டரை விட்டுவிட்டு முழு கவனத்தையும் பக்கத்துப் போனுக்குக் கொடுக்கும். முடிந்ததும் தானே ரவுட்டரோடு சேர்ந்துகொள்ளும். உண்மையில் அப்படி நடப்பதுதான் வேகத்துக்கு நல்லது.

9. வாட்ஸ்அப்ல அனுப்பினா வீடியோ மங்கிப்போகுது. இதுல குவாலிட்டி குறையுமா?

குறையாது. ஃபைல் அப்படியே போகிறது, ஒரு பைட் கூட மாறாது. நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு போனிலும் அந்த ஃபைலின் விவரத்தைத் திறந்து அளவைப் பாருங்கள், ஒன்றாகவே இருக்கும்.

அப்படியே போகிறது என்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. போட்டோ எடுத்த இடம், தேதி எல்லாம் ஃபைலுக்குள் எழுதப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். வீட்டுக்குள் எடுத்த படத்தை அதிகம் தெரியாதவருக்குக் கொடுக்கும்போது இதை யோசியுங்கள். ஐபோனில் பகிரும் பக்கத்தின் மேலே Options என்பதைத் தொட்டு Location என்பதை அணைத்துவிட்டு அனுப்பலாம். அதே இடத்தில் All Photos Data என்று ஒன்று இருக்கும். திருத்துவதற்கு முந்தைய மூலப்படமும் சேர்ந்து போக வேண்டும் என்றால் அதை ஆன் செய்யுங்கள்.

10. சிக்னல் இல்லாத ஊர்ல போட்டோவை செலக்ட் பண்ணி ஷேர் குடுத்தா சுத்திக்கிட்டே இருக்கு. நெட் வேண்டாம்னு சொன்னீங்களே?

அனுப்புவதற்கு நெட் வேண்டாம். ஆனால் அனுப்ப ஃபைல் போனில் இருக்க வேண்டும் அல்லவா? கூகுள் போட்டோஸில் இடத்தைக் காலி செய்யும் வசதியை எப்போதாவது பயன்படுத்தியிருந்தால், ஏற்கெனவே பேக்கப் ஆன படங்கள் போனிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். திரையில் தெரிவது சின்ன முன்தோற்றம் மட்டும். ஷேர் கொடுத்ததும் மூலப்படத்தை கிளவுடிலிருந்து இறக்கப் பார்க்கும், சிக்னல் இல்லாததால் சுற்றிக்கொண்டே நிற்கும். ஐபோனில் Optimize iPhone Storage ஆனில் இருந்தாலும் இதே கதைதான்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஏரோப்ளேன் மோடில் போட்டு அந்த வீடியோவை ஓட்டிப் பாருங்கள். கடைசிவரை தெளிவாக ஓடினால் ஃபைல் போனில் இருக்கிறது. ஓடவில்லை என்றால் இல்லை. ஊருக்குக் கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் ஆப்களுக்குள் இறக்கி வைத்த படங்கள் வேறு விஷயம். அவை பூட்டப்பட்டவை, அந்த ஆப்புக்குள் மட்டுமே ஓடும், எந்த வழியிலும் பக்கத்துப் போனுக்குக் கொடுக்க முடியாது.

11. முழுசா வந்துருச்சுன்னு காட்டுச்சு. ஃபைல் எங்க போச்சுன்னே தெரியல.

ஆண்ட்ராய்டில் Files அல்லது My Files ஆப்பைத் திறந்து Downloads போய்ப் பாருங்கள். பல போன்களில் அதற்குள் Quick Share என்று தனி ஃபோல்டரே இருக்கும். கேலரியில் தேடும்போது Camera ஆல்பத்தில் தேடாதீர்கள், தனி ஆல்பமாக வந்திருக்கும். ஐபோனில் படமும் வீடியோவும் Photos ஆப்புக்குப் போகும், மற்றவை Files ஆப்புக்கு.

12. வந்த வீடியோவை மெமரி கார்டுக்கு மாத்தினா முடியாதுங்குது. கார்டுல இருபது ஜிபி காலியா இருக்கு!

இடம் இருக்கிறது, ஆனால் அந்தக் கார்டால் இவ்வளவு பெரிய ஒற்றை ஃபைலை வைத்துக்கொள்ள முடியாது. 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் பொதுவாக ஃபேட்32 என்ற முறையில் அமைக்கப்பட்டு வருகின்றன. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்குக் குறைவாகத்தான் இருக்க முடியும். நூறு சின்ன ஃபைல்களாக இருபது ஜிபியும் போடலாம், ஆனால் ஒரே ஃபைலாக ஆறு ஜிபி போட முடியாது. நான்கு ஜிபி வரை போய் நின்றாலோ, ஆரம்பத்திலேயே மறுத்தாலோ காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, அதில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய கார்டையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால், அதில் இருப்பதையெல்லாம் வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு கணினியில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யலாம். ஃபார்மேட் செய்தால் கார்டில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். போனும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்க வேண்டும், அதனால் காலி கார்டைப் போட்டு முதலில் ஒரு சின்ன ஃபைலை வைத்துப் பாருங்கள்.

13. எண்பது பர்சென்ட்ல நின்னுபோச்சு. விட்ட இடத்துல இருந்து தொடர முடியாதா?

குயிக் ஷேரில் இணைப்பு அறுந்துவிட்டால் அந்த ஃபைலை முதலிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அதனால் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. நடுவில் நிற்க நான் அதிகம் பார்த்த காரணங்கள் இரண்டு. வாங்கும் போனில் இடம் தீர்ந்துபோவது ஒன்று. அனுப்புகிறவர் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவது இன்னொன்று. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சட்டென்று பலவீனமாகும். நின்றுபோன பிறகு Downloads-ல் அரைகுறை ஃபைல் கிடந்தால் அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், இல்லையென்றால் அதுவும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

எண்ணூறு, ஆயிரம் போட்டோ அனுப்புகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுக்க வேண்டாம். இருநூறு இருநூறாக அனுப்புங்கள். நடுவில் அறுந்தால் அந்த ஒரு தொகுதி மட்டும்தான் வீணாகும், எதுவரை வந்தது என்று தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

14. Everyone-னு வச்சா பஸ்ல பக்கத்துல இருக்குறவன் என் போனுக்குள்ள வந்துட மாட்டானா?

உள்ளே வர முடியாது. அவரால் செய்ய முடிந்தது, உங்களுக்கு ஒரு ஃபைலை நீட்டுவது மட்டும். நீங்கள் Accept கொடுக்காமல் எதுவும் இறங்காது, உங்கள் போனில் இருப்பதை அவர் எடுக்கவும் முடியாது. போகும் ஃபைல் குறியாக்கம் செய்யப்பட்டே போகிறது, நடுவில் ஒருவர் பிடித்தாலும் படிக்க முடியாது.

ஆனாலும் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. ஐபோனில் அனுப்பப்படும் படத்தின் முன்தோற்றம் Accept கேட்கும்போதே திரையில் தெரியும். பொது இடங்களில் முன்பின் தெரியாத பெண்களுக்கு ஆபாசப் படங்களை அனுப்பித் தொல்லை கொடுக்க இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். Everyone என்பது எப்போதும் திறந்தே இருக்காமல் பத்து நிமிடத்தில் மூடிக்கொள்வது நமக்கு நல்லதுதான், 'ஒவ்வொரு தடவையும் வைக்க வேண்டியிருக்கு' என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். வேலை முடிந்ததும் பத்து நிமிடத்துக்குக் காத்திராமல் நீங்களே மாற்றிவிடலாம். போனின் பெயரிலும் முழுப்பெயர் வேண்டாம். உங்கள் வீட்டாருக்கு அடையாளம் தெரிகிற மாதிரி ஏதாவது ஒன்று போதும். கூட்டத்தில் ஒரே மாடல் பெயரில் நான்கு போன் காட்டும்போது தவறான ஆளுக்கு அனுப்பாமலும் இருக்கலாம். 3-ஆம் கேள்வியில் சொன்ன எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

15. என்னோடது ஆண்ட்ராய்டு, தங்கச்சியோடது ஐபோன். எங்களுக்கு வழியே இல்லையா?

நீண்ட காலம் இல்லாமல்தான் இருந்தது. 2025 நவம்பரில் கூகுள், குயிக் ஷேரிலிருந்து ஏர்டிராப்புக்கு நேரடியாக அனுப்பும் வசதியை பிக்சல் 10 போன்களில் தொடங்கி வைத்தது. ஐபோனில் Everyone for 10 Minutes வைத்தால் அது குயிக் ஷேர் பட்டியலில் தெரியும். உங்கள் போனில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்க்க, தங்கையின் ஐபோனை அப்படி வைத்துவிட்டு குயிக் ஷேரைத் திறந்து பாருங்கள். பெயர் வந்தால் இருக்கிறது.

வராவிட்டால், வைஃபையை நாமே கையால் அமைத்துக்கொள்ளலாம். லோக்கல்சென்ட் என்ற திறந்தமூல ஆப் இரண்டு வகைப் போன்களுக்கும் கிடைக்கிறது. அதை மட்டும் நெட் இருக்கும்போதே இரண்டிலும் இறக்கி வைத்திருக்க வேண்டும். உங்கள் ஆண்ட்ராய்டில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யுங்கள், தங்கையின் ஐபோனை அந்த ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள். 'இதில் இன்டர்நெட் இல்லை' என்ற எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை, இணைப்பிலேயே இருங்கள். ஐபோனில் ஆப் முதல்முறை திறக்கும்போது உள்ளூர் நெட்வொர்க்குக்கு அனுமதி கேட்கும், மறுத்துவிட்டால் உங்கள் போன் அதில் தெரியவே தெரியாது. அனுமதி கொடுத்ததும் ஒன்றுக்கொன்று பெயர் காட்டும், ஃபைலைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4, 5 என்று தேர்வு இருந்தால் 5 வைக்க வேண்டும், காரணம் 7-ஆம் பதிலில் இருக்கிறது. அனுப்பும்போது இரண்டு போனிலும் அந்த ஆப் திரையிலேயே இருக்கட்டும். ஐபோனில் வேறு ஆப்புக்குப் போனால் நின்றுவிட வாய்ப்புண்டு.

ஐபோன் 15 முதல் டைப்-சி துளை வந்துவிட்டது. இரண்டு போனிலும் டைப்-சி இருந்தால் ஒரு டைப்-சி பென்டிரைவ் இந்த வேலையை முடித்துவிடும். ஆண்ட்ராய்டில் செருகி ஃபைலை அதில் போட்டு, ஐபோனில் செருகி Files ஆப் வழியாக எடுத்துக்கொள்ளலாம். ஆறு ஜிபி வீடியோ என்றால் அந்த பென்டிரைவ் எக்ஸ்ஃபேட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 12-ஆம் கேள்வியில் மெமரி கார்டுக்கு நடந்ததேதான் இங்கும் நடக்கும்.